குசினி திறக்க முன் 14 கேள்விகள்

அது ஒரு வெள்ளிக்கிழமை. ஜும்ஆ முடிந்து சனம் கடைக்குள் வந்து இறங்கும் நேரம். கீழே 40 கதிரையும் நிரம்பி, மேல் தட்டிலும் குடும்பங்கள் அமர்ந்துவிட்டன. கெஷியர் மேசையில் நான் இருக்கிறேன். உள்ளேயிருந்து வெயிட்டர் பையன் ஓடி வந்து என் காதருகே குனிந்து சொன்னான்.

"நானா, காஸ் முடிஞ்சி பெய்த்து. ரெண்டாவது சட்டி இன்னம் தம்மு போடல்ல."

மாற்று சிலிண்டர் எங்கே என்று கேட்டேன். அது செவ்வாய்க்கிழமையே வெறுமையாகிவிட்டதாம். யாரும் சொல்லவில்லை. யாரும் சொல்ல வேண்டும் என்று நானும் சொல்லி வைத்திருக்கவில்லை. அன்று 60 பேருக்குக் கொடுக்க வேண்டிய புரியாணி அரை வேக்காட்டில் நின்றது. காத்திருந்தவர்கள் எழுந்து போனார்கள். அதில் நான்கு பேர் பதினைந்து வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் வருபவர்கள். நஷ்டத்தைக் கணக்குப் பார்த்தபோது, போன காசை விட அந்த நால்வர் போனதுதான் எனக்குப் பெரிதாகப் பட்டது.

சாப்பாட்டுக் கடை நடத்தும் சகோதரர்கள் பலருக்கு இப்படியொரு வெள்ளிக்கிழமை வந்திருக்கும். நானும் மற்றவர்களைப் போல அன்றிரவு கோக்கியை ஏசினேன். கோக்கி உதவிக்காரனை ஏசினார். உதவிக்காரன் மறுநாள் வேலைக்கு வரவில்லை. இதனால் காஸ் பிரச்சினை தீரவில்லை, ஆள் பிரச்சினை ஒன்றுதான் கூடியது.

எங்கள் குடும்பத்தில் ஒரு மருமகன் பெரிய ஹோட்டலொன்றில் பயிற்சி பெற்றவர். "மாமா, இதுக்கு எஸ்.ஓ.பீ. வேணும்" என்றார். கம்பனிக்காரர்கள் அப்படிச் சொல்வது, ஒரு வேலையை எப்படிச் செய்ய வேண்டும் என்று எழுதி வைக்கும் நடைமுறைத் தாளைத்தான். அவரே இரவோடிரவாக ஒன்றைத் தட்டச்சுச் செய்து கொண்டுவந்தார். அதோடு காலையில் குசினி திறக்கும்போது அடையாளமிட வேண்டிய 64 விடயங்கள் கொண்ட மூன்று பக்கப் பட்டியலும் இருந்தது. அழகான பட்டியல்தான். ஒன்பது நாள் ஓடியது. பத்தாம் நாள் அது மீன் சுற்றப் பயன்பட்டதை என் கண்ணாலேயே கண்டேன்.

பிழை பட்டியலில் இல்லை, அது எழுதப்பட்ட இடத்தில்தான் இருந்தது. எங்கள் குசினியில் எது நின்று போகிறது என்று பார்க்காமல், எல்லாக் குசினிக்கும் பொதுவான விடயங்களை அலுவலக மேசையில் இருந்து எழுதியிருந்தோம். "தரை சுத்தமாக உள்ளதா" என்று கேட்டால் யாரும் ஆம் என்றுதான் போடுவான். அந்தக் கேள்விக்கு இல்லை என்று போட்ட குசினி உலகத்தில் எங்கும் இருக்காது.

அதன் பிறகு நான் செய்தது ஒன்றுதான். ஒரு சீ.ஆர். கொப்பியை எடுத்துக்கொண்டு, சனி முதல் வியாழன் வரை ஆறு நாட்கள் காலை 7 மணிக்குக் குசினியின் மூலையில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தேன். கெஷியர் மேசையைத் தம்பியிடம் கொடுத்துவிட்டேன். யாரையும் ஏசுவதில்லை, எதையும் திருத்துவதில்லை என்று எனக்கு நானே நிபந்தனை வைத்துக்கொண்டேன். யாராவது செய்துகொண்டிருந்த வேலையை நிறுத்தி எதற்காகவாவது காத்திருந்தால் அல்லது எதையாவது தேடினால், நேரத்தையும் காரணத்தையும் ஒரு வரியில் எழுதினேன்.

ஆறு நாளில் 31 தடவை வேலை நின்றது. ஒன்பது தடவை இறைச்சி பனிக்கட்டியாக இருந்ததாலோ, வெங்காயம் வெட்டப்படாமல் இருந்ததாலோ. ஏழு தடவை அகப்பை, கத்தி, சட்டி மூடி தேடி. ஐந்து தடவை காஸ் அல்லது அடுப்பு. நான்கு தடவை, சொல்ல வெட்கமாக இருக்கிறது, களஞ்சியச் சாவிக்காக. அந்தச் சாவி என் சட்டைப் பையில் இருந்தது. மீதி ஆறும் சில்லறைக் காரணங்கள்.

இந்தக் கொப்பிதான் எங்கள் பட்டியலின் தாய். அதைப் பார்த்தபோது 64 கேள்விகளில் பெரும்பாலானவை எங்கள் குசினியில் ஒருநாளும் வேலையை நிறுத்தாதவை என்று தெரிந்தது. நிறுத்துபவற்றையும், நிறுத்தாவிட்டாலும் ஆளைக் கொல்லக்கூடியவற்றையும் மட்டும் எடுத்தோம். 14 கேள்விகள் மிஞ்சின. ஒரே தாள், ஒரே பக்கம். இடப்பக்கம் தமிழ், வலப்பக்கம் சிங்களம், ஏனென்றால் எங்கள் குசினியில் பாதிப்பேர் சிங்களம் பேசுபவர்கள். முதல் பட்டியல் செத்ததற்கு அது ஆங்கிலத்தில் இருந்ததும் ஒரு காரணம் என்பதை மருமகனுக்கு இன்னும் நான் சொல்லவில்லை.

கேள்விகளைக் கண்டுபிடித்த பிறகு நேரத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். இதில்தான் நான் அதிகம் கற்றுக்கொண்டேன். எங்களில் பலர் நாளைக் காலையிலிருந்து முன்னோக்கி எண்ணுகிறோம். குசினியில் பின்னோக்கித்தான் எண்ண வேண்டும். எங்கள் முதல் புரியாணிச் சட்டி பகல் 12 மணிக்குத் திறக்க வேண்டும். தம் போட்டு இறக்கி, ஆறவிட்டுத் திறப்பதற்கு ஒரு மணித்தியாலம். ஆகவே 11 மணிக்கு அடுக்கி முடிந்திருக்க வேண்டும். அதற்கு 10.40க்கு அரிசி கொதிநீரில் விழ வேண்டும், 10 மணிக்கு ஊற வேண்டும். கோழி மசாலா 9.15க்கு அடுப்பில் ஏற வேண்டும். அதற்கு முன் கோழி கழுவி, தயிரும் மசாலாவும் பிரட்டி ஒரு மணித்தியாலமாவது ஊற வேண்டும். ஆக, 8 மணிக்கு முன்பே கோழி கை வைத்தால் இளகும் நிலையில் இருக்க வேண்டும்.

8 மணிக்கு இளகி இருப்பதென்றால் எத்தனை மணிக்கு ஃப்ரீசரிலிருந்து எடுப்பது? கோக்கியிடம் கேட்டேன். "முதல் நாள் ராவு" என்றார். ஆனால் நாங்கள் ஃப்ரீசரில் போட்டிருந்தது 10 கிலோ பை. அது ஃப்ரிஜுக்குள் ஒரு இரவில் இளகாது. இரண்டு கிலோவுக்கு ஏறத்தாழ ஒரு நாள் என்பதுதான் கணக்கு. பத்து கிலோக் கட்டி இரண்டு நாள் கடந்தும் நடுவில் கல்லாகவே இருக்கும். அதனால்தான் காலையில் பையன்கள் அதைத் தரையில் ஒரு தாச்சியில் வைத்து சுடுதண்ணீர் ஊற்றினார்கள். வெளிப்புறம் வெந்து வெளுத்துப் போகும், உள்ளே பனிக்கட்டி இருக்கும். வெளியே இளஞ்சூட்டில் கிருமி பெருகும், உள்ளே கத்தி இறங்காது. இரண்டும் கேடு.

இதற்கு நாங்கள் செய்த மாற்றம் மிகச் சிறியது. கோழி வந்து இறங்கும் அன்றே 2 கிலோ 2 கிலோவாகப் பிரித்து, பையைத் தட்டையாக அமர்த்தி ஃப்ரீசரில் போடுகிறோம். அடுத்த நாளுக்குத் தேவையானதை இன்று காலை 7 மணிக்கே எடுத்து ஃப்ரிஜின் அடித்தட்டில் ஒரு தட்டத்தில் வைக்கிறோம். அடித்தட்டில் வைப்பது ஏனென்றால், வடியும் இரத்தத் தண்ணீர் கீழே இருக்கும் சலாதுக்கோ வட்டிலப்பத்துக்கோ விழக்கூடாது. ஆகவே எங்கள் பட்டியலின் முதல் கேள்வி இன்றைய நாளைப் பற்றியதல்ல. "நாளைய கோழி எத்தனை கிலோ, எத்தனை மணிக்கு இறக்கினீர்கள்?" என்பதுதான். வியாழக்கிழமை மட்டும் அந்த இடத்தில் 24 கிலோ என்று இருக்க வேண்டும்.

மறந்துவிட்டால் என்ன செய்வது என்பதும் நடைமுறைத் தாளில் இருக்கிறது. தண்ணீர் புகாத பையில் கட்டி, ஓடும் குளிர்ந்த தண்ணீரில் வைக்க வேண்டும். 2 கிலோப் பை இரண்டு மூன்று மணித்தியாலத்தில் இளகும். அப்படி இளகியது உடனே சமைக்கப்பட வேண்டும், திரும்ப ஃப்ரிஜுக்குப் போகக் கூடாது. மறதிக்கும் வழி எழுதி வைக்காவிட்டால், மறந்தவன் சுடுதண்ணீரைத்தான் தேடுவான்.

காஸ் விடயத்துக்கு வருகிறேன். சிலிண்டரை ஆட்டிப் பார்த்து "இன்னம் ஈக்கி" என்று சொல்வது எங்கள் நாட்டு வழக்கம். ஆட்டிப் பார்ப்பவனின் கையைப் பொறுத்தது அது. சிலிண்டரின் கழுத்தில் வெறும் சிலிண்டரின் நிறை அடிக்கப்பட்டிருக்கும். அரிசி மூட்டை நிறுக்கும் தராசில் சிலிண்டரை ஏற்றி, அதிலிருந்து அந்த நிறையைக் கழித்தால் உள்ளே உள்ள காஸ் கிலோவில் வரும். பத்து நாள் இரவு கடை மூடும்போது எல்லா வால்வுகளையும் மூடிக் கழற்றி நிறுத்தோம். சாதாரண நாளில் எங்களுக்கு 9 கிலோ போகிறது, வெள்ளியில் 14 கிலோ. உங்கள் கடையின் கணக்கு வேறாக இருக்கும், நிறுத்துத்தான் பார்க்க வேண்டும்.

இப்போது சட்டம் எளிது. வியாழன் இரவு ஓடும் 37.5 கிலோ சிலிண்டரில் 15 கிலோவுக்குக் குறைவாக இருந்தால், வெள்ளிக்கிழமை நிறைந்த சிலிண்டரில் தொடங்குகிறோம், பாதியை சனிக்கு வைக்கிறோம். இன்னொன்று, நிறைந்த சிலிண்டரை அடுப்பில் இணைத்த அன்றே அடுத்ததற்குச் சொல்லிவிட வேண்டும், அது முடிந்த பிறகல்ல. 2022இல் காஸுக்கு வரிசையில் நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. சிலிண்டர் மாற்றும்போதெல்லாம் இணைப்பில் சவர்க்கார நுரை பூசி, குமிழி வருகிறதா என்று பார்க்க வேண்டும். குமிழி வந்தால் அடுப்பு பற்றக் கூடாது. இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பட்டியலில் சிவப்புக் கட்டம் போட்டிருக்கிறோம்.

இதுவரை சொன்னதெல்லாம் காசைக் காப்பாற்றும் விடயங்கள். அடுத்தது எனக்குத் தூக்கத்தைக் கெடுத்த விடயம்.

பட்டியல் எழுதிய சில வாரங்களில் ஒரு தகப்பனார் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை. முந்தின நாள் பகல் எங்களிடம் ஃப்ரைட் ரைஸ் பார்சல் வாங்கியதாகவும், சாப்பிட்டு மூன்று மணித்தியாலத்துக்குள் இரண்டு பிள்ளைகளும் வாந்தி எடுத்ததாகவும், இரவு வைத்தியசாலைக்குக் கொண்டு போனதாகவும் சொன்னார். பிள்ளைகள் சுகமாகி விட்டார்கள். "ஒங்கட கடையிலதான் என்டு நான் சொல்ல வரல்ல, பாத்துக்கொள்ளுங்க நானா" என்று சொல்லிவிட்டுப் போனார். பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் போகாமல் என்னிடம் வந்த அந்த மனிதருக்கு நான் இன்றும் கடமைப்பட்டவன்.

பரிசோதனை அறிக்கை எதுவும் இல்லாததால், காரணம் இதுதான் என்று என்னால் அறுதியிட்டுச் சொல்ல முடியாது. ஆனால் அன்றிரவே குசினிக்குப் போய்ப் பார்த்தேன். மறுநாள் ஃப்ரைட் ரைஸுக்காக மிஞ்சிய சோறு ஆறு ஏழு கிலோ, பெரிய சட்டியிலேயே மூடிப்போட்டு மேசையில் இருந்தது. வெப்பமானியை நடுவில் குத்தினேன். இரவு 11 மணிக்கு 58 பாகை. காலை 7 மணிக்கு வந்து குத்தினேன். வெளியே ஆறியிருந்தது, நடுவில் இன்னும் 34 பாகை.

அரிசியில் இயல்பாகவே ஒரு கிருமியின் வித்துகள் இருக்கும். பசிலஸ் சீரியஸ் என்பது அதன் பெயர். கொதித்தாலும் அந்த வித்துகள் சாவதில்லை. சோறு மெதுவாக ஆறும்போது அவை முளைத்துப் பெருகி நஞ்சை உண்டாக்கும். அந்த நஞ்சு சூட்டுக்கு அழியாது. ஆகவே மறுநாள் தாச்சியில் எவ்வளவு பெரிய நெருப்பில் பிரட்டினாலும் பயனில்லை. சோறு மணக்காது, நூல் விடாது, ருசியும் மாறாமல் இருக்கலாம். "மணந்து பார்த்துத்தான் போட்டேன் நானா" என்று கோக்கி சொன்னது பொய்யல்ல. மணத்தில் இது தெரியாது.

அன்று தொடக்கம் சோற்றுக்கென ஒரு தனி நடைமுறைத் தாள் உண்டு. மிஞ்சும் சோறு சட்டியில் இருக்கக் கூடாது. அகலமான தட்டங்களில் இரண்டு அங்குலத்துக்கு மேற்படாமல் பரப்பி, மின்விசிறிக்குக் கீழே வைக்க வேண்டும். சூடு 60 பாகைக்குக் கீழே இறங்கத் தொடங்கியதிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குள் 21 பாகைக்கும், அதன்பின் நான்கு மணித்தியாலத்துக்குள் 5 பாகைக்கும் வர வேண்டும். கொழும்பு வெக்கையில் மின்விசிறி மட்டும் 21 பாகைக்குக் கொண்டுவராது. ஆவி அடங்கியதும் தட்டங்களை ஒன்றன்மேல் ஒன்று அடுக்காமல் ஃப்ரிஜுக்குள் வைக்க வேண்டும். தட்டத்தில் திகதி ஒட்ட வேண்டும். மறுநாள் முடியாவிட்டால் அது குப்பைக்கு. காலைப் பட்டியலில் இதற்கு ஒரு கேள்விதான்: "நேற்றைய சோறு எத்தனை தட்டம், எத்தனை பாகை?" சட்டியில் சோறு கண்டால் கேள்வி கிடையாது, கொட்ட வேண்டும். முதல் மாதம் கொட்டியதைப் பார்த்து மனம் வருந்தியது உண்மை. அதன்பிறகு கோக்கி இரவில் சோறு வடிக்கும் அளவைத் தானாகவே குறைத்துக்கொண்டார்.

இனி, பட்டியல் பொய்யாவது எப்படி என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் தாளில் ஃப்ரிஜ் வெப்பநிலை என்றொரு கேள்வி உண்டு. 5 பாகை அல்லது அதற்குக் கீழே இருக்க வேண்டும். ஒருநாள் நான் குடிக்கத் தண்ணீர் எடுக்க ஃப்ரிஜைத் திறந்தால், கதவின் ரப்பர் ஒரு முழ நீளத்துக்குக் கிழிந்து தொங்குகிறது. உள்ளே தொங்கும் வெப்பமானி 11 காட்டுகிறது. சுவரில் இருந்த தாளைப் பார்த்தேன். 4 என்று எழுதி, கையெழுத்தும் இருந்தது. பழைய தாள்களைப் புரட்டினேன். மூன்று வாரமாக ஒவ்வொரு நாளும் 4. ஒரே பேனை, ஒரே சாய்வு. கதவை ஒரு நாளில் இருபது தடவை திறக்கும் ஃப்ரிஜ் எதுவும் மூன்று வாரம் 4லேயே நிற்காது. ஒருநாள் 3, ஒருநாள் 5 என்று ஆடத்தான் செய்யும். ஆடாத எண் பார்க்காமல் எழுதிய எண்.

பையனை ஏசவில்லை. ஏன் என்று கேட்டேன். அவன் சொன்ன பதில்: "அஞ்சிக்கு மேல எழுதினா நீங்க ஏசுவீங்க நானா." ஆக, பொய்யை எழுத வைத்தவன் நான்தான்.

இரண்டு மாற்றம் செய்தோம். ஒன்று, எண் கூடினால் என்ன செய்வது என்று அதே வரியிலேயே எழுதினோம். 5க்கு மேல் என்றால் கதவை மூடி அரை மணித்தியாலத்தில் திரும்பப் பார். அப்போதும் 5க்கு மேல் என்றால் சாமான்களை மற்ற ஃப்ரிஜுக்கு மாற்று, எனக்குத் தொலைபேசி எடு. முதல் தடவை தொலைபேசி எடுத்தவனுக்கு எல்லோர் முன்னிலையிலும் நன்றி சொன்னேன். இரண்டு, பட்டியலைச் செய்பவனும் பார்ப்பவனும் வேறு ஆட்கள். உதவிக்காரன் செய்கிறான். 10 மணிக்குக் கோக்கி தாளைக் கையில் எடுத்து, 14இல் ஏதாவது மூன்றைத் தானே போய்ப் பார்க்கிறார். எந்த மூன்று என்று முன்கூட்டி யாருக்கும் தெரியாது. மொத்தம் ஐந்து நிமிட வேலை.

வெப்பமானியும் பொய் சொல்லும் என்பதை இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். சனிக்கிழமை காலையில் ஒரு கோப்பை நிறைய நொறுக்கிய ஐஸ் போட்டு, அது மூழ்கத் தண்ணீர் ஊற்றி, குத்தும் வெப்பமானியை நடுவில் பிடிக்கிறோம். பூச்சியம் காட்ட வேண்டும். காட்டாவிட்டால் திருத்த வேண்டும் அல்லது வீச வேண்டும். கோழித்துண்டின் தடித்த இடத்தில் குத்தி 75 பாகை பார்ப்பதும் இதே வெப்பமானியால்தான்.

மற்றக் கேள்விகள் சிறியவை. கத்தி, அகப்பை, மூடிகளுக்குச் சுவரில் படம் வரைந்து கொளுக்கி அடித்தோம். வெறும் படம் தெரிந்தால் சாமான் இல்லை என்று அர்த்தம். மேசை துடைக்கும் குளோரின் தண்ணீர் தினமும் காலையில் புதிதாகக் கலக்கப்படுகிறது, 5 லீற்றருக்கு 5 சதவீதத் திரவம் ஒரு தேக்கரண்டி. நேற்றைய கலவைக்கு வீரியம் இருக்காது. கை கழுவும் இடத்தில் சவர்க்காரம் இருக்கிறதா என்பதும் ஒரு கேள்வி, நம்பினால் நம்புங்கள், அந்த ஆறு நாளில் இரண்டு நாள் இருக்கவில்லை. களஞ்சியச் சாவி இப்போது கோக்கியிடம் இருக்கிறது. அந்தக் கேள்வியைப் பட்டியலிலிருந்தே எடுத்துவிட்டோம், அந்த இடத்தில் முட்டை வந்திருக்கிறது.

இந்தத் தாள் நோன்பு மாதத்துக்கு உதவாது என்பதை முதல் வருடம் பட்டுத்தான் அறிந்தோம். பகல் சமையல் இல்லை, கஞ்சி அஸருக்கு முன் இறங்க வேண்டும், கடை நள்ளிரவு தாண்டி மூடுகிறது, சோறு ஆற வைக்கும் நேரத்தில் ஆட்களுக்குத் தூக்கம். அதற்கென்று வேறொரு தாள் எழுதினோம். அதில் பன்னிரண்டு மணிக்குப் பதிலாக மஃரிபிலிருந்து பின்னோக்கி எண்ணியிருக்கிறோம். கேள்விகள் 11தான். ஆனால் சோற்றுக் கேள்வி அதில் இரண்டு தடவை வருகிறது, இரவு மூடும்போது ஒன்று, மறுநாள் திறக்கும்போது ஒன்று.